நிறம் மட்டும் வந்த மஞ்சள்

அந்தக் காலையில் சமையற்கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் பலர், எல்லாவற்றையும் கண்ணால் கண்டதாகப் பின்னால் சொல்லித் திரிந்தார்கள். அடுப்பருகே பெரியக்கா இருந்தாள். வீட்டுக்கும் தொழிலுக்கும் மூத்தவள். அரிசி மூட்டையின் மேல் கைப்பேசியும் கையுமாக அவளுடைய தம்பி. தம்பியின் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசித் தங்கை, அரவை மில்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், காய்கறிக் கூடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியருகே அவசரம் நின்றான். எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வேறு ஒருவரும் இல்லை. மில்காரரும் இல்லை, ஆனால் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான் நடந்தது.

பேச்சைத் தொடங்கி வைத்தது பருப்பு. அந்தச் சமையற்கூடத்திலிருந்து பிரசவ ஆஸ்பத்திரிக்கு தினமும் சாப்பாடு போகும். பிள்ளை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும் சாப்பிடுகிற சாப்பாடு. வேகிற பருப்பில் மஞ்சள்தூளைத் தூவிய பெரியக்கா, கரண்டியை எடுக்காமல் அப்படியே நின்றாள். தூள் விழுந்த கணத்திலேயே பருப்பு பளபளவென்று மஞ்சளாகிவிட்டது. கலக்கக்கூட இல்லை. குனிந்து முகர்ந்து பார்த்தாள். பருப்பு மணத்தது, பூண்டு மணத்தது, மஞ்சளின் அந்த மண்வாசமும் மெல்லிய காரமும் வரவில்லை.

சில நாட்களாகவே அவளுக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல். முன்பெல்லாம் ஒரு கரண்டி தூள் போட்டால் வருகிற நிறம் இப்போது அரைக் கரண்டியிலேயே வந்தது. நிறத்தை நம்பித் தூளைக் குறைத்தாள். மணம் இன்னும் குறைந்தது. எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, பச்சை வாசனை போனபின் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். அப்போதும் அதே கதை. நல்ல மஞ்சளில் நிறமும் மணமும் சேர்ந்தே வரும். நிறம் மட்டும் முன்னால் ஓடி வருகிறது என்றால், அதை யாரோ தனியாக அனுப்பியிருக்கிறார்கள்.

யார் என்ற கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்வை தங்கையின் முதுகில் போய் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். விரலி மஞ்சளை மூட்டையாக வாங்கி, கிடங்கில் வைத்து, வேண்டும்போது மில்லுக்கு அனுப்பி அரைத்து வாங்குவதுதான் அந்த வீட்டு வழக்கம். கடையில் தூளாக விற்பதை அவர்கள் தொட்டதே இல்லை. தூளில் யாரும் எதையும் கலக்கலாம், முழுக் கிழங்கில் என்ன கலக்க முடியும் என்பது பெரியக்கா எல்லோருக்கும் சொல்கிற நியாயம். அப்படியானால் முழுக் கிழங்கு தூளாகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே சமீபத்தில் புது மோட்டார் ஒன்று வந்திருந்தது. அது எப்படி வந்தது என்று தம்பி ஏற்கெனவே ஒருமுறை வாய்க்குள்ளேயே கேட்டிருந்தான்.

சமையற்கூடத்துப் பலகையிலும் மில்லின் பலகையிலும் இருப்பது ஒரே பெயர். இறந்துபோன அப்பாவின் பெயர். தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது, நம்பிக்கைக்கு அடையாளமாக அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னவளே பெரியக்காதான். மாப்பிள்ளை தப்பு செய்திருந்தால் அந்தப் பெயரை அங்கிருந்து இறக்கிவிடுவது என்று அவள் அடுப்படியில் நின்றபடியே முடிவு செய்துவிட்டாள். பெயரை இறக்கினால் உறவும் அறும். தங்கை பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வரவேண்டியிருக்கும், அல்லது இந்த வாசலை மறக்க வேண்டியிருக்கும். அது தங்கைக்கும் தெரியும். அதனால்தான் அவள் திரும்பாமல், கீரையை வேண்டியதற்கு மேல் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தம்பிக்குப் பொறுமை இல்லை. கைப்பேசியில் எதையோ படித்தவன், முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் மருந்தை எடுத்து வந்தான். மாவு கலந்திருந்தால் நீலமாகும் என்றான். தட்டில் கொஞ்சம் தூளைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, மருந்தைச் சொட்டினான். தூள் கருநீலமாயிற்று. தம்பியின் மனைவி உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அவசரம்கூட அவசரமாகத் திரும்பினான்.

"பாத்துக்க அக்கா. மாவைக் கலந்து எடையை ஏத்தி, அது வெளுத்துத் தெரியாம இருக்கச் சாயத்தையும் போட்டிருக்காரு உன் அருமை மாப்பிள்ளை" என்றான் தம்பி.

தங்கை எழுந்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பத்திய ரசத்துக்காக வந்திருந்த பச்சை மஞ்சள் கூடையில் கிடந்தது. அந்த ரசத்துக்கு மட்டும் பெரியக்கா தூளைப் போடமாட்டாள். பச்சைக் கிழங்கைத் தோல் சீவி, துருவிப் போடுவாள். கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தூளைவிடக் கூடுதலாகத் துருவ வேண்டும், கை இரண்டு நாளைக்கு மஞ்சளாக இருக்கும், ஆனால் இஞ்சியின் தங்கச்சி மாதிரி ஒரு வாசம் வரும். தங்கை அதில் ஒரு கிழங்கை எடுத்தாள். மண் போகக் கழுவி, நடுவே வெட்டி, வெட்டிய முகத்தைத் தம்பியின் முன் நீட்டினாள்.

"இதுலயும் விடுண்ணே உன் மருந்தை."

தம்பி தயங்கினான். அவளே புட்டியை வாங்கிச் சொட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் ஈரமாக மின்னிக்கொண்டிருந்த கிழங்கு, சற்று நேரத்தில் கருநீலமாயிற்று.

"இந்தக் கிழங்குக்குள்ளயும் என் வீட்டுக்காரர்தான் மாவை அடைச்சாரா? மண்ணுக்கடியில போய்?"

மஞ்சளும் ஒரு கிழங்குதான். அதில் இயல்பாகவே மாவுச்சத்து இருக்கிறது. அயோடின் அதைத்தான் காட்டிற்று. உருளைக்கிழங்கில் விட்டாலும் அதையேதான் காட்டும். தம்பி கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதில் போட்டிருந்ததைத்தான் சொன்னேன் என்று முனகினான். அவன் மனைவி மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை.

பெரியக்கா சிரிக்கவில்லை. அந்தச் சோதனை பொய்த்ததால் மாப்பிள்ளை நல்லவர் ஆகிவிடமாட்டார். மணம் ஏன் வரவில்லை என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. தங்கை முந்திக்கொண்டு வந்ததிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டிற்று. குற்றமில்லாதவளுக்கு இவ்வளவு வேகம் எதற்கு?

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் நிரப்பினாள். வீட்டுச் சமையலுக்கென்று ஒரு ஜாடியில் போன மூட்டையின் தூள் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் ஒரு கரண்டியை ஒரு தம்ளரிலும், புது மூட்டைத் தூள் இருந்த டின்னிலிருந்து ஒரு கரண்டியை மற்றதிலும் போட்டாள். கலக்கவில்லை. யாரும் மேசையை ஆட்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, சாதம் வடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டிலும் தூள் அடியில் படிந்திருந்தது. பழைய தூளின் மேல் நின்ற தண்ணீர் வெளிறிய மஞ்சளாக, விரலைப் பின்னால் வைத்தால் விரல் தெரிகிற மாதிரி இருந்தது. புதுத் தூளின் தண்ணீர் அழுத்தமான மஞ்சள். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். தங்கை அதைப் பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த கையை.

"இன்னைக்குச் சமையல்ல தூள் வேண்டாம். எல்லாத்துக்கும் பச்சை மஞ்சளையே துருவிப் போடு" என்று பெரியக்கா தம்பியின் மனைவியிடம் சொன்னாள். வெந்துகொண்டிருந்த பருப்பை அடுப்பிலிருந்து இறக்கிக் கொட்டச் சொன்னாள். அது பெரிய அண்டா. அவசரம் அதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கொட்டினான்.

சாப்பாட்டு வண்டி போனதும் அவள் கிடங்கைத் திறந்தாள். மூட்டையைத் தானே அவிழ்த்து, விரலி மஞ்சளைத் தானே பையில் அள்ளி, பையின் வாயைத் தானே கட்டினாள். தங்கை உடன் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் தங்கையின் கைப்பேசி மேசைமேல் கிடப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

மில் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மிளகாயும் மல்லியும் அரைபட்ட காரம் வாசலிலேயே மூக்கைப் பிடித்தது. மில்காரர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, இமையெல்லாம் மாவு படிய நின்றார். பெரியக்காவைக் கண்டதும் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவள் மில்லுக்கு நேரில் வந்ததே கிடையாது.

உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. அரைக்க வேண்டும் என்றாள். ஆள் அனுப்பியிருக்கலாமே என்றார். இன்று நானே அரைத்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றாள். அந்தச் சொல்லின் முனை எங்கே குத்துகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் பெருமையில் குறைந்தவர் இல்லை. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எந்திரத்தின் மூடியைத் திறந்து துடைக்கச் சொன்னாள்; துடைத்தார். தூள் விழுகிற நீளமான துணிக்குழாயை மாற்றச் சொன்னாள்; துவைத்துக் காயவைத்திருந்த ஒன்றை எடுத்துக் கட்டினார். முதலில் ஒரு கை மஞ்சளை அரைத்து, உள்ளே ஒட்டியிருப்பதெல்லாம் அதோடு வெளியேறட்டும் என்று அந்தத் தூளைக் கொட்டிவிடச் சொன்னாள், கொட்டினார். பிறகு விரலிகளை உரலில் போட்டு அவள் கண்ணெதிரே இடித்து நொறுக்கி, எந்திரத்தின் வாயில் போட்டார். காத்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூள் சூடாக விழுந்தது. அதை ஆறப்பரப்பிய தட்டின் பக்கத்திலேயே பெரியக்கா நின்றாள், கண்ணை எடுக்கவில்லை. தும்மல் வந்தபோதுகூட முகத்தை மட்டும்தான் திருப்பினாள்.

அரவைக் கூலியை அவர் வாங்கவில்லை. அவள் அதை எந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தாள். அது அந்தத் தெருவுக்குப் போதும். அவள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள், மில்லில் கலப்படம் பிடிபட்டுவிட்டது என்ற பேச்சு அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

சமையற்கூடத்தில் மறுபடி ஒரு தம்ளர் தண்ணீர். மடியை விட்டு இறங்காமல் வந்த தூளில் ஒரு கரண்டி. தம்பி, தங்கை, தம்பியின் மனைவி மூவரும் சுற்றி நின்றார்கள். தூள் மெதுவாக இறங்கிற்று. தண்ணீர் மஞ்சளாயிற்று. வெளிறிய மஞ்சள் இல்லை; காலையில் பார்த்த அதே அழுத்தமான மஞ்சள்.

பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கிடங்கிலிருந்து மில்வரை, மில்லிலிருந்து இந்த மேசைவரை, அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் இதில் சேரவில்லை. அப்படியென்றால் மில்லுக்குப் போவதற்கு முன்பே அது உள்ளே இருந்திருக்கிறது.

தங்கையிடம் மூட்டையிலிருந்து இரண்டு விரலி எடுத்து வரச் சொன்னாள். அரைக்காத, உடைக்காத முழு விரலி. அதில் ஒன்றை அப்படியே தண்ணீரில் போட்டாள். நல்ல விரலி தண்ணீரில் சும்மா கிடக்கும். இதைச் சுற்றி உடனே மஞ்சள் புகைபோலக் கிளம்பிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்ளர் முழுதும் பரவிற்று. வெளியே எடுத்துத் துணியால் துடைத்தாள். துணியில் பளிச்சென்ற மஞ்சள் ஒட்டியது. துடைத்த விரலியோ மங்கிப்போய், சுருக்கமும் பூச்சித் துளையுமாக நின்றது. மற்றதை உடைத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துச் சப்பென்று இருந்தது. பழைய சரக்கு, விலைபோகாத சரக்கு. மெருகேற்றும் உருளையில் போட்டு உருட்டும்போது எதையோ சேர்த்துப் பூசி, புதுப்பெண் மாதிரி அலங்கரித்து அனுப்பியிருக்கிறார்கள்.

முழுக் கிழங்கில் என்ன கலக்க முடியும் என்று இத்தனை நாள் சொல்லிவந்தவளுக்கு, அந்த மூட்டையை மொத்தக் கடையில் வாங்கிய நாள் நினைவுக்கு வந்தது. அங்கே இரண்டு குவியல் இருந்தன. ஒன்று மங்கலாக, மண்நிறம் கலந்த மஞ்சளாக இருந்தது. மற்றது பொன்போல மின்னிற்று. கடைக்காரர் மங்கலானதைத்தான் முதலில் அவள் முன் தள்ளினார். எங்கள் வீட்டுக்கு மட்டச் சரக்கு வராது என்று அதை ஒதுக்கிவிட்டு, மின்னியதைக் கைகாட்டியவள் அவள். உடைத்துப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"இது நான் பொறுக்கி எடுத்தது" என்றாள்.

தம்பி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். அவன் யோசனை வேகமானது. விரலியைக் கழுவிக் காயவைத்துவிட்டால் மேல்பூச்சு போய்விடும் என்றான். வேண்டாமென்றால் மூட்டையை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடலாம் என்றான். தெருவில் மில்லைத்தானே சொல்கிறார்கள், இரண்டு வாரம் பேசிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். மில்லுக்கு மிளகாய் அரைக்க எப்படியும் ஆள் வரும், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு ஆர்டர் ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்பி வராது என்றான். இதையெல்லாம் தங்கை எதிரிலேயே சொன்னான். தங்கை அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் மில்காரர் வாசலில் வந்து நின்றார். எந்திரத்தின் மேல் வைத்த கூலியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். உள்ளே வரவில்லை. பெரியக்கா தம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போனாள். விரலியில் இருந்து கிளம்பிய நிறத்தை அவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைத்தான் அவள் கவனித்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாப்பிள்ளை?"

"சந்தேகம் இருந்துச்சு. போன தடவை அரைச்சப்ப துணியெல்லாம் வேற மாதிரி மஞ்சளாச்சு. மணமும் பத்தல."

"ஏன் சொல்லலை?"

அவர் கூலியை வாசற்படியில் வைத்தார். "நீங்க பொறுக்கின சரக்கு. அதுல குத்தம் சொல்ல இந்த வீட்டுல யாருக்கு வாய் வரும், அக்கா?"

பெரியக்கா தம்ளரைப் படியில் வைத்தாள். மரியாதை என்று அவள் இத்தனை காலம் வாங்கிவைத்திருந்தது இதுதான்: கண்ணெதிரே தப்பு நடந்தாலும் அவளிடம் சொல்ல யாருக்கும் துணிவு வராது. பிள்ளைத்தாய்ச்சிகள் அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் வாசற்படியில் வைத்த கூலியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எடுக்காமல் விட்டால் அவர் அதை இன்னொரு அவமானமாக எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தது. பிறகு, உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். அவர் வந்து உட்கார்ந்தார். தங்கை அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கழுவிப் பயன்படுத்தலாம் என்ற பேச்சைப் பெரியக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள். என்ன பூசியிருக்கிறார்கள் என்று தம்ளர் தண்ணீர் சொல்லாது. பூசியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். சில பூச்சுகளில் ஈயம் இருக்கிறது, அது தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லக் கேட்டிருக்கிறாள். விரலியிலும் தூளிலும் கொஞ்சம் கொஞ்சம் தனித்தனியே கட்டி, உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குத் தம்பியையே கொண்டுபோகச் சொன்னாள். மூட்டையைக் கொட்டவும் விடவில்லை. கொட்டிவிட்டால் எதைக் காட்டுவது?

பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தலைமை நர்ஸிடம், இந்தத் தூளில் சமைத்ததை இத்தனை நாள் அனுப்பியிருக்கிறோம், முடிவு வரும்வரை சாப்பாட்டுக்கு வேறு இடத்தில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள். மஞ்சளை வாங்கியது நான், என் தங்கை வீட்டுக்காரர் இல்லை என்று, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள். தலைமை நர்ஸ் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். திரும்பும் வழியில் மில்லின் முன் நின்று, அரைக்கக் காத்திருந்த பெண்களிடம் அதையே இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய்த்தூள் என்று நினைத்தார்கள்.

மில் பலகையில் அப்பாவின் பெயர் அப்படியே இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தின் முடிவு வரும்வரை அடைத்திருந்தது சமையற்கூடம்தான்.

அதிகாரிகள் வந்து சமையற்கூடத்துக்குச் சீல் வைத்தார்கள் என்று ஒரு பேச்சு இன்னும் நடமாடுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதிகாரிகள் யாரும் வரவில்லை. பூட்டியது பெரியக்கா, பூட்டும் அவளுடையது.